கடல் தாண்டாத பகிடி

எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு வரும் செய்திகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பாதி நாங்கள் சொந்தமாக எழுதியவை அல்ல. தவணைப் பரீட்சைத் திகதி முன்தள்ளிப் போடப்பட்டால் ஒருத்தி "என்ன கொடுமை சரவணன் இது" என்று எழுதுவாள். வினாத்தாள் ஒன்றைக்கூடச் செய்யாதவள் படிப்பைப் பற்றிக் கதைத்தால் "நானும் ரௌடிதான்" என்று இன்னொருத்தி போடுவாள். யாரும் விளக்கம் கேட்பதில்லை. எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் அதே வசனத்தை வெளிநாட்டில் வளர்ந்த ஓர் உறவுக்காரப் பிள்ளைக்கு அனுப்பினால், அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும், சிரிப்பு வருவதில்லை. இது ஏன் என்பதைத்தான் இக்கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த வசனங்களின் நகைச்சுவை அவற்றின் சொற்களில் இல்லை. "என்ன கொடுமை சரவணன் இது" என்பது பகிடியே அல்ல. 2005இல் வெளிவந்த 'சந்திரமுகி' படத்தில், தன் மனைவிக்கு நேர்ந்திருப்பதை அறிந்து உடைந்துபோகும் கணவனாகப் பிரபு அதைச் சொல்கிறார். அங்கே அது துயரம். 2007இல் வந்த 'சென்னை 600028' படத்தில் பிரேம்ஜி "என்ன கொடுமை சார் இது" என்று சின்னச் சின்னத் தொல்லைகளுக்கெல்லாம் சொன்ன பிறகு, அது சிரிப்பாக மாறியது. பெரிய துயரத்துக்குரிய வசனத்தைச் சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸ் முடிந்துபோனதற்குச் சொல்வதில்தான் பகிடி இருக்கிறது. அந்தப் பெரிய துயரத்தைப் பார்த்திராதவருக்கு இந்தச் சின்னத் துயரம் சின்னதாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை.

ஆகவே இத்தகைய வசனம் ஒன்றைச் சொல்பவர் பாதியை மட்டுமே சொல்கிறார். காட்சி, குரல், அதற்கு முன் என்ன நடந்தது என்ற மற்றப் பாதியைக் கேட்பவர்தான் தன் நினைவிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். பொருத்திக்கொள்ளும் அந்தக் கணத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. கடல் தாண்டும்போது தொலைந்து போவது இந்த மற்றப் பாதியே.

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது நன்றாக விளங்கும். பெரியம்மா குடும்பம் 2004இல் லண்டனுக்குப் போனது. அப்போது அவருடைய மகளுக்கு, அதாவது எங்கள் ராத்தாவுக்கு, மூன்று வயது. ராத்தா வீட்டில் தமிழ் கதைப்பார். தமிழ் எழுத்தையும் தட்டுத்தடுமாறி வாசிப்பார். சென்ற வருடம் அவர்கள் விடுமுறைக்கு வர இருந்தபோது, உம்மும்மாவுக்கு என்ன வாங்கி வருவது என்று குடும்பக் குழுவில் ராத்தா ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பளிச் சட்டையா, வேண்டாமா? செருப்பா? எத்தனையாம் அளவு? இப்படிப் பத்துக் கேள்வி. அதற்குச் சாச்சியின் மகன் "aaniye pudunga venam" என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி போட்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ராத்தா அதன் பிறகு எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா உம்மாவுக்கு அழைப்பெடுத்து, "பிள்ளைக்கு ஏன் அப்படி ஏசினீங்க?" என்று கேட்டார்.

அந்த ஒற்றை வரியில் என்ன நடந்தது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது, எழுத்து. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ண, ன என்ற வேறுபாடு போய்விடுகிறது. நெடிலையும் குறிலையும் வாசிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை ஏற்கெனவே காதால் கேட்டவருக்கு இது ஒரு தடையல்ல. கேட்டிராதவர் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். எழுத்துக்கூட்டி வாசித்த பகிடிக்கு யாரும் சிரிப்பதில்லை.

இரண்டாவது, காட்சி. இந்த வசனம் 2001இல் வெளிவந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு சொல்வது. அவர் நேசமணி என்ற வர்ணம் பூசும் ஒப்பந்தக்காரர். தேவையில்லாத ஆணிகளைப் பிடுங்கச் சொல்கிறார். வேலையாட்களோ எது தேவையான ஆணி, எது தேவையில்லாத ஆணி என்று கேட்டுக் கேட்டு அவருடைய உயிரை வாங்குகிறார்கள். கடைசியில் களைத்துப்போய், ஆணியே பிடுங்க வேண்டாம் என்று கைவிடுகிறார். படத்தைப் பார்த்தவருக்கு, ராத்தாவின் பத்துக் கேள்விகளும் அந்த வேலையாட்களின் கேள்விகளும் ஒன்றாகத் தெரியும். பொருத்தம் அவ்வளவு சரியானது. படத்தைப் பாராதவருக்குக் கம்பளிச் சட்டைக்கும் ஆணிக்கும் என்ன தொடர்பு?

மூன்றாவது, ஒரு சின்ன எழுத்து. "ஆணி பிடுங்க வேணாம்" என்றால் அது வெறும் கட்டளை. "ஆணியே" என்று ஓர் ஏகாரம் சேர்ந்ததும், 'உன்னோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது, ஒன்றையுமே தொடாமல் இருந்தால் போதும்' என்ற சலிப்பு முழுவதும் அதில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு முழு வாக்கியம் தேவை. 'தேவையில்லாத ஆணி' என்பதை மொழிபெயர்க்கலாம். அந்த ஏகாரத்தை மொழிபெயர்க்க முடியாது.

நான்காவது, குரல். நேரில் கதைக்கும்போது இந்த வசனத்தை நாங்கள் எங்கள் பேச்சில் சொல்வதில்லை. மதுரைக்காரரான வடிவேலுவின் இழுவையை நாங்களும் இரவல் வாங்கிக்கொள்கிறோம். நம் வீடுகளில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை என்பதால், குரல் மாறியவுடனேயே 'இது நான் சொல்வதல்ல, படத்தில் வருவது' என்பது கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. எழுத்தில் அந்த அடையாளம் இல்லை. ராத்தாவுக்கு அந்த வரி மேற்கோளாகத் தெரியவில்லை. தன்னைப் பார்த்துத் தம்பி சொன்ன சொல்லாகவே தெரிந்தது. 'நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை' என்பதுதான் அவருக்குக் கிடைத்த பொருள். ஆசையோடு பரிசு வாங்கக் கேட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

உம்மா இதற்குப் பெரிய விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. அந்தக் காட்சியின் காணொளித் துண்டை அனுப்பிவிட்டு, அதே வசனத்தை வடிவேலுவின் இழுவையோடு தானே சொல்லிக் குரல் பதிவொன்றையும் அனுப்பினார். ராத்தாவின் பதில் சிரிப்புப் படங்களோடு வந்தது.

இந்த நான்கில் எதை இழந்தாலும் சுவை குறையும். எல்லாவற்றையும் இழந்தால் பகிடி செய்தியாகவே மாறிவிடும். 2019 மே மாத இறுதியில் உலகமே அதைப் பார்த்தது. பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட, பொறியியல் கற்போருக்கான ஒரு முகநூல் பக்கத்தில் ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், இதனால்தான் ஒப்பந்தக்காரர் நேசமணியின் மண்டை உடைந்தது என்றும் எழுதிவிட்டார். 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும் காட்சியைத்தான் சொன்னார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் கேட்க, #Pray_for_Nesamani என்ற அடையாளச் சொல் டுவிட்டரில் பரவி உலக அளவில் முன்னணிக்கு வந்தது. அதே நாட்களில், மே 30இல், இந்தியப் பிரதமர் மோடி இரண்டாவது முறையாகப் பதவியேற்றார். அந்தச் செய்தியோடு நேசமணியின் தலைக்காயமும் போட்டி போட்டது. தமிழ் தெரியாத பலர், யாரோ ஒருவர் உண்மையாகவே அடிபட்டுக் கிடக்கிறார் என்று கவலைப்பட்டார்கள். யார் இந்த நேசமணி என்று செய்தி நிறுவனங்கள் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. சொற்கள் எல்லா நாட்டுக்கும் போயின. சிரிப்பு மட்டும் படம் பார்த்தவர்களிடமே நின்றுவிட்டது.

ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் எளிதாக விளங்கும் என்றும் நினைக்க முடியாது. 'நானும் ரௌடிதான்' என்பது 2006இல் வந்த 'தலைநகரம்' படத்தில், தன்னையும் பொலிஸ் ஜீப்பில் ஏற்றும்படி வடிவேலு கெஞ்சும் காட்சி. ரௌடி என்றால் நமக்கு ஊரை மிரட்டும் அடியாள். இங்கிலாந்தில் அந்தச் சொல் சத்தம் போட்டுக் குழப்படி செய்வதைத்தான் குறிக்கும். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு மனிதர் 'நானும் குழப்படிக்காரன்தான்' என்று சொல்வதாகவே கேட்கிறது. அடியாள் என்று பெயரெடுக்க ஆசைப்படும் பயந்தாங்கொள்ளி அங்கே காணாமல் போய்விடுகிறார்.

பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. பெரியம்மாவிடம் 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' என்றால் இன்றும் விழுந்து விழுந்து சிரிப்பார். அது 2003இல் வந்த 'வின்னர்' படத்தில் வடிவேலுவின் கைப்புள்ளை நடத்தும் சங்கம். ஊரில் இருந்தபோது அவர் பார்த்தது. ஆனால் "என்ன கொடுமை சரவணன் இது" என்று நாங்கள் எழுதினால், "அது அழுகிற இடம்தானே, அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்பார். 'சந்திரமுகி'யை அவர் லண்டனில் பார்த்திருக்கிறார். பின்னர் அந்த வசனம் சிரிப்பாக மாறியபோது, அதை ஒவ்வொரு நாளும் சொல்லித் திரிந்த நம்மிடையே அவர் இருக்கவில்லை. வசனங்களும் ஊரோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கின்றன. புறப்பட்டுப் போனவர், தான் புறப்பட்ட வருடத்து வசனங்களையே எடுத்துக்கொண்டு போகிறார்.

அப்படியானால் வெளிநாட்டுச் சொந்தங்களோடு இவற்றைக் கதைக்கவே கூடாதா? கதைக்கலாம். ஆனால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து அனுப்புவதில் பயனில்லை. இதே 'பிரண்ட்ஸ்' படத்தை இயக்கிய சித்திக், அதே கதையை 1999இல் மலையாளத்தில் எடுத்திருந்தார். அங்கே அந்த ஒப்பந்தக்காரராக ஜெகதி ஸ்ரீகுமார் நடித்தார். தமிழுக்குக் கொண்டுவந்தபோது ஆளையும் பெயரையும் பேச்சையும் மாற்றினார்கள். அதனால்தான் தமிழிலும் சிரிப்பு வந்தது. நம்மால் படம் எடுக்க முடியாது. ஆனால் உம்மா செய்ததைச் செய்யலாம்: முதலில் காட்சியை அனுப்புவது, அடுத்துக் குரலை அனுப்புவது, அதன் பிறகு வசனத்தை எழுதுவது. எந்தச் சந்தர்ப்பத்தில் அதைச் சொல்வோம் என்று ஓர் உதாரணமும் சொன்னால் போதும், சொற்பொருள் தேவையில்லை.

முதல் தடவை சிரிப்பு வராது. விளக்கிய பகிடிக்கு உடனே சிரிப்பு வராது என்பது எங்கும் உள்ளதுதான். அடுத்த தடவை பொருத்தமான இடத்தில் அதே வசனம் வரும்போது, பொருத்திப் பார்க்க அவரிடம் ஒரு காட்சி இருக்கும். சென்ற மாதம் சாச்சியின் மகன் தன் பிறந்தநாளுக்கு எந்த நிறச் சப்பாத்து வேண்டும் என்று ராத்தாவுக்கு ஐந்து தடவை மாற்றி மாற்றி எழுதினான். ராத்தாவிடமிருந்து வந்தது ஒரேயொரு குரல் பதிவு. லண்டன் வாடையோடு, ஏகாரத்தை மட்டும் நன்றாக இழுத்து, "ஆணியே பிடுங்க வேணாம்" என்றார்.