பிஎச்டி தலைப்புல ஒளிஞ்சிருக்கிற வேலை

இயற்பியல் படிக்கிற தோழி ஒருத்தி கேட்டா: "ஈர்ப்பலையிலதான் பிஎச்டி பண்ணப்போறேன். ஆனா பின்னாடி கம்பெனி வேலைக்கும் வழி இருக்கணும்டா." அவ கையில ரெண்டு தலைப்பு. ஒண்ணு, கருந்துளைகள் மோதும்போது கிளம்புற அலையோட வடிவத்தைச் சமன்பாடுகளால கணக்கிடுறது. இன்னொண்ணு, லைகோ பதிவுகளோட இரைச்சலுக்குள்ள அந்த அலையைத் தேடுறது.

நான் ரெண்டாவதைச் சொன்னேன். முதல் தலைப்பு அழகானதுதான், ஆனா அந்தத் திறமையை வாங்குற இடங்கள் கம்மி. ரெண்டாவதுல, நொடிக்கு 16,384 அளவீடுகள் இருக்கிற தரவுல, தெரிஞ்ச வடிவம் ஒண்ணை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கணும். மேட்ச்டு ஃபில்டர்னு பேரு. 1940கள்ல ரேடாருக்காக வந்த முறை. மோட்டார் பேரிங் தேயுறதை அதிர்வுல பிடிக்கிறவங்களுக்கும் இரைச்சலுக்குள்ள சிக்னலைத் தேடுறதுதான் வேலை. பொய் எச்சரிக்கை எத்தனை வரும்னு கணக்குப் போடுறதும் கூடவே வரும்.

லைகோ தரவு பொதுவெளியில கிடைக்குறதால, எழுதின கோடை இன்டர்வியூல காட்டலாம். ரகசிய ஒப்பந்தத்தோட வர்ற தலைப்புன்னா அதைக் காட்டவே முடியாமப் போகலாம். கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

ஒரு சிக்கல் இருக்கு. குழு ஏற்கெனவே எழுதிவெச்ச மென்பொருளை ஓட்டுறது மட்டும்தான் வேலைன்னா, இந்த லாபம் எதுவும் இல்ல. அதனால கைடுகிட்ட ரெண்டு கேள்வி கேட்கச் சொன்னேன்: "நான் சொந்தமா எழுதப்போற பகுதி எது? உங்ககிட்ட முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க?"