கோயில் நவராத்திரி மேடைக்கு ஒரு கடிதம்: இளம் பாடகர்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு முதல் கச்சேரி மேடை பெரும்பாலும் கோயில் உற்சவம்தான். அந்த வாய்ப்பைக் கேட்டு விழாக் கமிட்டிக்கு எழுதும் கடிதம் பற்றி இளம் பாடகர்களும் பெற்றோரும் எழுப்பும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

கமிட்டியில் எல்லோரும் தெரிந்தவர்கள். கடிதம் எதற்கு? நேரில் சொன்னால் போதாதா?

போதாது. சின்ன வயதிலிருந்து 'மாமா' என்று கூப்பிட்டவரே செயலாளராக இருக்கலாம். ஆனால் கமிட்டி கூடும்போது அவர் கையில் ஒரு தாள் இருந்தால்தான் உங்கள் பெயர் பேச்சில் வரும். திருவையாற்றில் தியாகப்பிரம்ம மகோத்சவ சபையும், செம்பை சங்கீத உற்சவம் நடத்தும் குருவாயூர் தேவஸ்வமும் விண்ணப்பம் வாங்கித்தான் இடம் ஒதுக்குகின்றன. அங்கே கூட்டம் அதிகம், பலருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். கொல்கத்தாக் கோயிலில் அந்த நெருக்கடி கிடையாது. ஒரு மணி நேரம் கேட்கலாம், கிடைக்கவும் கிடைக்கும். எழுத்தில் கேட்கும் ஒழுங்கு மட்டும் இங்கேயும் வேண்டும்.

குரு பெயர், பரிசுகள், பாடிய இடங்கள் எல்லாவற்றையும் எழுதவா?

மூன்று வரி போதும். யாரிடம், எத்தனை ஆண்டுகளாகக் கற்கிறீர்கள், இதற்கு முன் முழுக் கச்சேரி பாடியதுண்டா என்பதைச் சொல்லுங்கள். பள்ளிப் போட்டிப் பரிசுப் பட்டியலால் கமிட்டிக்குப் பயன் இல்லை. வர வசதியான நாட்கள், எவ்வளவு நேரம், பக்கவாத்தியம் யார் ஏற்பாடு, என்ன சுருதி என்ற நான்கும்தான் கமிட்டிக்குத் தேவை. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

சுருதியைக் கடிதத்திலேயே எழுத வேண்டுமா?

கட்டாயம் எழுத வேண்டும். வயலின் கலைஞர் தம் தந்திகளை உங்கள் சுருதிக்குச் சேர்த்துக்கொள்வார். மிருதங்கத்தில் அவ்வளவு தாராளம் இல்லை. கல்லையும் கட்டையையும் வைத்துத் தட்டி, அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை ஏற்றி இறக்கலாம். அதற்கு மேல் போனால் நாதம் கெடும், வார் அறுந்தாலும் அறும். அதனால்தான் ஒன்று, இரண்டு கட்டையில் பாடும் ஆண்களுக்குத் தக்கு சுருதி மிருதங்கமும், ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்களுக்குச் சற்றுச் சிறிய ஹெச்சு சுருதி மிருதங்கமும் தேவைப்படுகின்றன.

சென்னையில் மிருதங்கக் கலைஞர் பலர் இருப்பதால் இது பெரிய சிக்கல் ஆவதில்லை. கொல்கத்தாவில் வாசிப்பவர்கள் குறைவு. ஒரே மாலையில் முதல் கச்சேரிக்கும் அடுத்த கச்சேரிக்கும் அதே கலைஞர் உட்கார நேரலாம். முதலில் ஐந்தரைக் கட்டைப் பெண், அடுத்து ஒரு கட்டை ஆண் என்றால் அவர் இரண்டு மிருதங்கம் சுமந்து வர வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் அவர் கொண்டுவருவார், அல்லது கமிட்டி நாளை மாற்றும். மேடை ஏறிய பிறகு தெரிந்தால் கால் மணி நேரம் தட்டுவதிலேயே போய்விடும், அந்தக் கால் மணி உங்கள் நேரத்திலிருந்துதான் கழியும்.

நவராத்திரியில் எந்த நாளைக் கேட்பது நல்லது?

முதல் ஐந்து நாட்களில் ஒன்று. சஷ்டி முதல் தசமி வரை ஊரே துர்கா பூஜைக்காகத் தெருவில் இருக்கும். தேசப்பிரியா பார்க், திரிதாரா, முதியாலி என்று பெயர்பெற்ற பந்தல்கள் லேக் பகுதியைச் சுற்றியே இருக்கின்றன. மாலையானால் ராஷ்பிகாரி வழியாக வண்டி நகர்வதே கஷ்டம். பெரிய பந்தல் எதுவும் அருகில் இல்லாத வீட்டிலிருந்து மிருதங்கத்தோடு கிளம்பும் கலைஞர்கூட ஆறரை மணிக் கச்சேரிக்கு ஏழரைக்கு வந்து சேரக்கூடும். சரஸ்வதி பூஜை அன்று பாட ஆசை இருப்பது இயல்பே. அப்படியானால் காலை நேரமாகக் கேளுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு என்னென்ன பாடுவது? பட்டியலை அனுப்பவா?

அனுப்புங்கள், நிமிடக் கணக்கோடு. வர்ணம் 6, விநாயகர் மேல் ஒரு கிருதி 8, விறுவிறுப்பாக ஒன்று 6, தனி ஆவர்த்தனம் சேர்த்துப் பிரதான உருப்படி 25, துக்கடாக்கள் 12, மங்களம் 3. மொத்தம் 60. ராகம் தானம் பல்லவியை இதற்குள் திணித்தால் எதுவும் நிறைவாக அமையாது.

தீபாராதனை எத்தனை மணிக்கு என்றும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். மணியும் மேளமும் ஒலிக்கும்போது பாட முடியாது. ஏழரைக்குத் தீபாராதனை என்றால், தனி முடிந்து பிரதான உருப்படி அதற்கு முன்னரே நிறைவடையும்படி ஆறரைக்காவது தொடங்க வேண்டும். தனி நடக்கும்போது மணி அடித்தால் பாடகர், மிருதங்கக் கலைஞர் இருவர் உழைப்பும் வீண்.

நவராத்திரிக்குப் பொருத்தமாகவும் இந்த ஊருக்கென்றே அமைந்ததாகவும் ஒரு தேர்வு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் கமகக்கிரியாக் கிருதி 'மீனாக்ஷி மே முதம்'. சாந்திநிகேதனில் படித்த தமிழ்ப் பெண் சாவித்திரி பாடக் கேட்டு, அந்த மெட்டைத் தழுவி ரவீந்திரநாத் தாகூர் 'பாசந்தி ஹே புவனமோகினி' என்ற பாட்டை அமைத்தார். தீட்சிதர் கிருதியைப் பிரதானமாகப் பாடி, துக்கடாவில் தாகூர் பாட்டை வைத்தால் சபையில் இருக்கும் வங்காளிகளுக்கும் கச்சேரி நெருக்கமாகும். ஆனால் வங்காள உச்சரிப்பை வங்காளி ஒருவரிடம் திருத்திக்கொண்ட பிறகே பாடுங்கள். இங்கே ரவீந்திர சங்கீதத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பணம் பற்றி எழுதலாமா?

உங்கள் சன்மானத்தைக் கமிட்டியின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். பக்கவாத்தியக் கலைஞர்களின் சன்மானத்தை அப்படி விடக் கூடாது. அதை யார் கொடுப்பது என்று ஒரு வரி இருக்கட்டும். அவர்கள் வாசித்துப் பிழைப்பவர்கள். மேடை தருவதற்கு உங்களிடம் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஒரு மாதிரி காட்ட முடியுமா?

பத்தொன்பது வயதுப் பெண் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"செயலாளர் அவர்களுக்கு நமஸ்காரம். நம் கோயில் நவராத்திரி உற்சவத்தில் ஒரு மணி நேரம் பாட வாய்ப்புக் கேட்டு எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கற்கிறேன். குருவின் பெயரும் தொலைபேசி எண்ணும் கீழே உள்ளன. இரண்டாம், நான்காம் நாள் மாலைகள் எனக்கு வசதி. என் சுருதி ஐந்தரைக் கட்டை. வயலினுக்கு நானே ஒருவரை அழைத்து வருகிறேன், சன்மானமும் என் பொறுப்பு. மிருதங்கத்துக்குக் கமிட்டி ஏற்பாடு செய்து சன்மானமும் தந்தால் உதவியாக இருக்கும். தீபாராதனை நேரம் தெரிந்தால் பட்டியலை அதற்கேற்ப அமைத்துக்கொள்வேன். பாட்டுப் பட்டியலும் பத்து நிமிட ஒலிப்பதிவும் இணைத்திருக்கிறேன்."

ஒலிப்பதிவு கைப்பேசியில் எடுத்ததாக இருக்கலாம், ஆனால் வெட்டி ஒட்டியதாக இருக்கக் கூடாது. ஆலாபனையும், மிருதங்கத்தோடு கற்பனை ஸ்வரமும் ஒரே மூச்சில் இருந்தால், பாடுபவருக்குத் தாளம் நிற்கிறதா என்பது கேட்பவருக்கு உடனே புரியும்.

எப்போது அனுப்புவது? பதில் வராவிட்டால்?

நவராத்திரிக்கு மூன்று மாதம் முன்பு அனுப்புங்கள். வெளியூரிலிருந்து கலைஞர் வருவதானால் சென்னை ரயிலுக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும், டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று வாரம் கழித்து ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். இந்த வருஷம் நிறைந்துவிட்டது என்றால், யாராவது வர முடியாமல் போனால் அழைக்கும்படி சொல்லி, உங்கள் சுருதியையும் எண்ணையும் மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பூஜை நெரிசலில் கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்கள் உண்டு. நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கும் பாடகரைத்தான் கமிட்டி அப்போது தேடும்.