நாற்பத்தோராவது மாணவர்

சிறிய வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா? பெரிய வகுப்புகளின் மதிப்பெண்ணையும் சிறிய வகுப்புகளின் மதிப்பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தலைமையாசிரியரே சிறிய பிரிவில் சேர்த்திருக்கலாம். வசதியான நகரப் பள்ளியில் கூட்டம் நிரம்பி வழியலாம். இரண்டு இடத்திலும் வகுப்பின் அளவும் பிள்ளைகளின் பின்புலமும் பின்னிக் கிடக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்க்கும் நேர்வழி, யார் எந்த வகுப்பில் உட்காருவது என்பதைக் குலுக்கலுக்கு விடுவதுதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1985இல் அதைச் செய்தது. 79 பள்ளிகளில் மழலையர் வகுப்புப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளில் படித்தவர்கள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளில் படித்தவர்களை விடத் தேர்வுகளில் முன்னே நின்றனர். ஆனால் ஒரு சிறிய வகுப்பும் இரண்டு வழக்கமான வகுப்புகளும் அமைய, ஒரே பள்ளியில் குறைந்தது 57 பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். சின்னஞ்சிறு பள்ளிகள் தொடக்கத்திலேயே விலகிப்போயின. அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற்றோரின் முறையீட்டாலும் பிள்ளைகளின் நடத்தையாலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வகுப்பு மாறினார். சட்டமன்றமே பணம் ஒதுக்கிய ஆய்விலும் குலுக்கல் முழுமையாக நிலைக்கவில்லை என்றால், சாதாரணப் பள்ளியில் அதற்கு இடமேது?

அங்கேதான் அரைச்சோதனை கைகொடுக்கிறது. இஸ்ரேலில் ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதியாக இருந்தது. 40 பேர் சேர்ந்தால் ஒரே வகுப்பு. இன்னொருவர் வந்தால் 20, 21 என இரண்டாகப் பிரியும். 40 பேர் சேர்ந்த பள்ளிக்கும் 41 பேர் சேர்ந்த பள்ளிக்கும் வேறு பெரிய வேற்றுமை இருக்க நியாயமில்லை. ஆகவே அந்த எல்லையே குலுக்கல் போலச் செயல்படுகிறது. ஜோஷுவா ஆங்ரிஸ்ட், விக்டர் லாவி ஆகியோர் 1999இல் இப்படி ஆராய்ந்தபோது, ஐந்தாம் வகுப்பில் சிறிய வகுப்பால் தெளிவான பயன் தெரிந்தது; நான்காம் வகுப்பில் அது குறைந்தது, மூன்றாம் வகுப்பில் தென்படவில்லை.

நாற்பத்தோராவது மாணவர் தற்செயலாகத்தான் வந்தாரா என்று கேட்பது நியாயமே. ஆங்ரிஸ்ட்டும் லாவியும் வேறு சிலரோடு சேர்ந்து 2019இல் புதிய தரவுகளைப் பார்த்தபோது, எல்லைக்குச் சற்று மேலே பள்ளிகள் குவிந்திருந்தன. கூடுதல் வகுப்பு கிடைப்பதற்காகச் சேர்க்கை எண்ணிக்கை கையாளப்பட்டதன் அடையாளம் அது. சிறிய வகுப்பின் பயனும் இம்முறை தெரியவில்லை. எல்லையைத் தம் விருப்பப்படி கடக்க முடிகிறவர்கள் இருந்தால் அது குலுக்கலாகாது. 39, 40, 41, 42 பேர் கொண்ட பள்ளிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே அந்தக் கை வைத்த தடம் தெரிந்துவிடும். எல்லைக்கு அருகே உள்ள பள்ளிகளைப் பற்றி மட்டுமே இந்த ஆய்வுமுறை உறுதியாகப் பேசும் என்பதும் உண்மை. ஆனாலும் தன் பிழையைக் காட்டிக்கொடுக்கும் வழியையும் தன்னுள்ளேயே வைத்திருப்பதால்தான், வெறும் மதிப்பெண் ஒப்பீட்டைவிட இதை நம்பலாம்.