கிராஜுவிட்டி வந்த வருடம்

ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அப்பா வேலை பார்த்த நூற்பாலை செப்டம்பர் கடைசியில் மூடப்பட்டது. 22 வருட வேலைக்கான கிராஜுவிட்டி 2,28,461 ரூபாய் வங்கிக்கு வந்தது. மகள் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது அறக்கட்டளையின் விதி.

ஆலையில் ஆறு மாதச் சம்பளம் 1,08,000. அப்புறம் காவலாளி வேலையில் மாதம் 11,000 வீதம் ஆறு மாதத்துக்கு 66,000. கிராஜுவிட்டியையும் சேர்த்தால் 4,02,461. வரம்பு தாண்டிவிட்டது. ஆனால் 2,16,000 ரூபாயில் நடந்த வீடு, அடுத்த வருடம் 1,32,000 ரூபாயில் நடக்க வேண்டும்.

இதை மறைத்துவிடலாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். புதுப்பிக்கும்போது கேட்கும் பாஸ்புக் நகலில் அந்த ஒற்றை வரவு நிற்கும். குழு தானாகக் கண்டுபிடித்தால் அது மறைத்த பணம். நாமே முதலில் சொன்னால் அது ஓய்வுக்கால முதல். அதனால் புதுப்பிக்கும் படிவம் வரும்வரை காத்திராமல், பணம் வந்த மாதமே எழுதிவிட வேண்டும்.

கடிதத்தின் முதல் பத்தியிலேயே விஷயம் வந்துவிடட்டும்: “மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், என் தந்தை பணிபுரிந்த ஆலை மூடப்பட்டதால் எங்கள் வருமானம் மாறியிருக்கிறது. இவ்வாண்டு வந்த 2,28,461 ரூபாய் ஒருமுறை மட்டுமே கிடைக்கும் பணிக்கொடை. அதில் 1,40,000 ரூபாய் வீட்டுக்கடனுக்குக் கட்டப்பட்டது. வரும் ஆண்டின் வருமானம் 1,32,000 ரூபாய். மீதமுள்ள இரண்டு ஆண்டுகளுக்கும் உதவித்தொகையைத் தொடர வேண்டுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் வருமானச் சான்று தருவேன்.”

வீட்டுக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் கடிதங்களில் இந்த எண்கள்தான் காணாமல் போகின்றன. குழுவுக்குத் தெரிய வேண்டியது, எந்தப் பணம் மறுபடி வரும், எது வராது என்பதே. அதற்குக் கிராஜுவிட்டிக் கணக்குத் தாள் முக்கியமான சான்று. சட்டப்படி, கணக்கில் எடுக்கப்படும் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணி வருடங்களாலும் பெருக்க வேண்டும். 18,000 ரூபாயையும் 22 வருடத்தையும் போட்டுப் பார்த்தால் பாஸ்புக்கில் உள்ள அதே தொகை வரும். குழுவில் இருப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே சரிபார்த்துக்கொள்வார். கூடவே கடன் முடிந்த ரசீதும், புது வேலையின் சம்பளச் சான்றும் போதும்.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது. அரசு உதவித்தொகைகளில் வரம்பு விதியிலேயே எழுதப்பட்டிருக்கும். அங்கே கடிதத்தைப் படித்து மனம் மாற அதிகாரிக்கு இடம் குறைவு. அந்த மாதிரி நேரத்தில் தாசில்தார் தரும் வருமானச் சான்றில் எந்தத் தொகை ஏறுகிறது என்பதுதான் கேள்வி. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போதே அந்தக் கணக்குத் தாளை அவரிடம் காட்டி, ஒருமுறை வந்த பணம் இது என்று விளக்கிவிட வேண்டும்.