மலை ஏறும்போது வலிக்காத தொடை, இரண்டு நாள் கழித்து வலிப்பது ஏன்?

வெள்ளியங்கிரி ஏழாவது மலை வரை ஏறி, ஞாயிறு காலை தடியை ஊன்றி இறங்கியாயிற்று. அன்று அசதி மட்டும்தான். திங்கள் காலை தொடை இறுகிக்கிடக்கிறது. செவ்வாய்க்கிழமையோ வீட்டு மாடிப்படியில் இறங்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் காலை வைக்க வேண்டியிருக்கிறது. முதல்முறை மலையேறும் பலருக்கும் இதுதான் கதை.

'லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு' என்பார்கள். ஆனால், அது ஓய்வெடுத்த ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். மேலும், மூச்சு வாங்கி அது அதிகம் உருவாவது ஏறும்போது. தொடையைப் படுத்துவதோ இறக்கம்!

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது, முட்டி சட்டென மடங்கிவிடாமல் அதே தசை பிடித்துக்கொள்ள வேண்டும். நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மெல்ல இறக்குவதைப்போல, இழுத்துப் பிடித்தபடியே நீளவும் வேண்டும். வலிக்கு மூலகாரணம் இந்த நீட்சிதான்.

தசை இழைக்குள் 'சார்கோமியர்' என்ற நுண்ணிய அலகுகள் சங்கிலிபோலக் கோத்திருக்கின்றன. சுமார் 400, 500 அலகுகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். எல்லாம் ஒரே பலத்தில் இருப்பதில்லை. பாரத்தோடு நீளும்போது பலவீனமானவை அளவுக்கு மீறி இழுபட்டு, பிடி நழுவுகின்றன. 1981-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சிலரைப் படிகளில் ஓடி இறங்கச் செய்து, கெண்டைக்கால் தசையில் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். நேராக இருக்க வேண்டிய சார்கோமியரின் எல்லைக் கோடுகள் பல இடங்களில் கலைந்து கிடந்தன.

இந்தச் சிதைவு மலையிலேயே நடந்துவிடுகிறது. அடிவாரத்தில் கால் நடுங்குவதும் ஓரளவு இதனால்தான். வலி ஏன் தாமதம்? சிதைந்த இடத்தில் கால்சியம் கசிய, சேதமான புரதங்களை நொதிகள் வெட்ட, துப்புரவுக்கு நோய் எதிர்ப்பு செல்கள் வந்து சேர, தசை லேசாக வீங்குகிறது. அப்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் அங்குள்ள நரம்பு முனைகளைக் கூச்சமாக்குகின்றன. இதற்கெல்லாம் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால்தான் சும்மா உட்கார்ந்திருந்தால் வலிப்பதில்லை. அழுத்தினாலோ அசைத்தாலோ 'அம்மா' என்கிறோம். வலி கூடுதல் என்றால் சேதமும் கூடுதல் என்று கணக்குப் போட முடியாது.

மெதுவான நடையும் மிதமான மசாஜும் சற்று நேரம் இதம் தரும். முன்கூட்டியே ஸ்ட்ரெச்சிங் செய்வதால் பெரிய பலன் இல்லை. உண்மையில் காப்பது பழக்கம். சில வாரங்களுக்கு முன்பு கொஞ்சமாகப் படியிறங்கிப் பழகிய தசைக்கு, அடுத்த முறை வலி வெகுவாகக் குறைகிறது.

பொதுவாக நான்கைந்து நாளில், அதிகபட்சம் ஒரு வாரத்தில் இது அடங்கிவிடும். ஆனால், சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை கடுமையாக வீங்கினால், காலைத் தூக்கவே முடியாதபடி பலமிழந்தால் காத்திருக்கக் கூடாது. தசை பெருமளவில் சிதைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் 'ராப்டோமயோலிசிஸ்' நிலையாக அது இருக்கலாம். வலி மாத்திரை போட்டுச் சமாளிக்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.