முதல் பட்டதாரி மகளுக்கு அப்பா, அம்மா எழுதும் கவிதை: அந்தப் படிவத்திலேயே இருக்கு முதல் வரி!

பட்டமளிப்பு விழா அன்று மகளுக்கு ஒரு கவிதை கொடுக்கணும். ஆனா, நமக்கு எழுத வராதே என்று தயங்கும் பெற்றோரா நீங்கள்? முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு நீங்கள் கொடுத்த உறுதிமொழிப் படிவத்தின் நகலை எடுங்கள்.

2010-11 முதல், தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்காகத் தமிழக அரசு கேட்கும் சான்றிதழ் அது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என ஒவ்வொருவரும் என்ன படித்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். ஒருவர்கூடப் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அதாவது, ஒரு குடும்பத்தின் நின்றுபோன படிப்பெல்லாம் ஒரே தாளில் வரிசையாக நிற்கும். கவிதையை அங்கிருந்தே தொடங்கலாம்.

உதாரணத்துக்கு, குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அம்மா முந்திரி ஆலையில், ஊர்ப் பேச்சில் 'அண்டி ஆபீஸில்' வேலை செய்கிறார். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அவர்கள் சொன்னால் இப்படி வரலாம்:

*மக்ளே,*
*அந்தப் படிவத்துல தாத்தா ரெண்டாம் வகுப்பு,*
*ஆச்சி கைநாட்டு.*
*அப்பா எட்டு, அம்மை ஏழு.*
*அண்டிக்கறை ஏறின விரலாலதான் ஒப்பு வச்சோம்.*
*அப்பா பால்வெட்டுக்கு இறங்குத நேரம்*
*உன் ரூம்ல லைட்டு எரியும்.*
*எங்க பேருக்கு நேரா எழுத முடியாதத*
*உன் பேருக்கு நேரா இண்ணைக்கு எழுதியாச்சு.*
*அந்தத் தாளை ஒருக்கா*
*தொட்டுப் பாக்கட்டா மக்ளே?*

இதில் உவமை எதுவும் இல்லை. முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிக் கறையேற்றும். குளிர்ச்சியான நேரத்தில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால், வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே கிளம்புவார்கள். மகளுக்கு இரண்டும் தெரியும். அதனால் விளக்கம் வேண்டாம், ஒரு வரி போதும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. 'வானம் தொட்ட வைரமே' போன்ற வரிகளில் பெயரை மாற்றினால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்துகிற வரியை அடித்துவிடுங்கள். அடுத்தது, 'உனக்காக இவ்வளவு கஷ்டப்பட்டோம்' என்று அடுக்காதீர்கள். அவளுக்கு அது கடன் பட்டியலாகத்தான் கேட்கும். மேலே உள்ளதில் கஷ்டம் ஒரே வரி. அதை அடுத்து வருவது அவள் அறையில் எரிந்த விளக்கு.

எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதலாம். ஆனால் 'மக்ளே'யை 'மகளே' என்றோ, 'அம்மை'யை 'அன்னை' என்றோ திருத்தவேண்டாம். தேரூர்க்காரரான கவிமணி, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' நூலை ஒரு நாஞ்சில் நாட்டுப் பெண்ணே தன் கதையைச் சொல்வதுபோலத்தான் எழுதினார். வீட்டுப் பேச்சுக்குக் கவிதையில் இடமுண்டு.

கடைசியில் கையெழுத்தோ, கைநாட்டோ, இருவருமே வையுங்கள்.