செத்த கணக்குக்கு உயிர் வந்தால்?

கடையோ, பட்டறையோ, கடன் கொடுக்காமல் வியாபாரம் ஓடாது. கொடுத்ததில் கொஞ்சம் திரும்பி வராது. வராது என்று முடிவானதும் வாராக்கடன் என எழுதித் தள்ளிவிடுகிறோம். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தள்ளுபடி செய்த பிறகு அந்த ஆசாமி ஒருநாள் வந்து பணத்தை நீட்டினால் என்ன எழுதுவது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மோட்டார் பம்புசெட் விற்கும் ஒரு கடை. ராமன் என்பவர் 2022 ஜூனில் ரூ.12,000-க்குக் கடனில் சரக்கு வாங்கி, ரூ.4,000 மட்டும் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். மீதி ரூ.8,000-ஐ 31.3.2023 அன்று கடைக்காரர் தள்ளுபடி செய்தார்.

வாராக்கடன் க/கு ப. 8,000
ராமன் க/கு வ. 8,000

இதோடு ராமன் கணக்கு முடிந்தது. ரூ.8,000 அந்த ஆண்டு இலாப நட்டக் கணக்கில் நட்டமாகப் போய்விட்டது.

10.8.2024 அன்று ராமன் வந்து ரூ.5,000 தருகிறார். "ராமன்தானே கொடுத்தார், அவர் கணக்கில் வரவு வைப்போம்" என்றுதான் முதலில் தோன்றும். அதுதான் தப்பு. அவர் கணக்கில் பாக்கியே இல்லையே! நட்டத்தைத் தாங்கியது இலாப நட்டக் கணக்கு. திரும்பி வந்த பணமும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். பழைய ஆண்டின் கணக்கு முடிந்துவிட்டதால் அதைப் பிரிக்கக் கூடாது. பணம் வந்த ஆண்டின் இலாபமாகக் காட்ட வேண்டும்.

ரொக்கம் க/கு ப. 5,000
வசூலான வாராக்கடன் க/கு வ. 5,000

இன்னொரு முறையும் உண்டு. முதலில் ராமன் கணக்கைப் பற்று செய்து, வசூலான வாராக்கடன் கணக்கில் வரவு வைக்கலாம். பிறகு ரொக்கத்தைப் பற்று செய்து, ராமன் கணக்கில் வரவு வைக்கலாம். இலாபம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில், "இவர் தாமதமாகவாவது கொடுத்தார்" என்பது அவர் பக்கத்திலேயே தெரியும். மறுபடி கடன் கேட்டு வரும்போது அது உதவும். வராத ரூ.3,000-க்கு இப்போது பதிவு எதுவும் வேண்டாம்.

சரி, தப்பாக ராமன் கணக்கிலேயே வரவு வைத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்? பற்றும் வரவும் சமம்தானே. ஆகவே இருப்பாய்வு, அதாவது டிரையல் பேலன்ஸ், அழகாகச் சரிப்படும், பிழையைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் கடன் வாங்கிய ராமனுக்கு நாம் ரூ.5,000 தர வேண்டும் என்று பேரேடு சொல்லும். 2025 பொங்கல் சமயத்தில் அவர் ரூ.5,000-க்குக் கடனில் சரக்கு எடுத்தால் கணக்கு நேராகிப் பூஜ்யம் ஆகிவிடும். யாரும் அவரிடம் பணம் கேட்க மாட்டார்கள். கடைக்காரருக்கு ரூ.5,000 அம்போதான்!

31.3.2025 அன்று இந்தப் பிழையைக் கண்டுபிடித்தால், திருத்தப் பதிவு இது:

ராமன் க/கு ப. 5,000
வசூலான வாராக்கடன் க/கு வ. 5,000

பரீட்சையில் இதையே சரிக்கட்டலாகக் கொடுப்பார்கள். அப்போது கடனாளிகள் தொகையையும் திருத்த மறக்கக் கூடாது. ஏட்டில் ரூ.95,000 என்றால், சரியான தொகை ரூ.1,00,000. ஐந்து சதவீத வாரா ஐயக்கடன் ஒதுக்கு ரூ.4,750 அல்ல, ரூ.5,000. ஆக, வசூல் ரூ.5,000 இலாபத்தைக் கூட்டும், கூடுதல் ஒதுக்கு ரூ.250 குறைக்கும். நிகரமாக இலாபம் ரூ.4,750 உயரும்.

இன்னொன்று. தள்ளுபடி என்பது நம் ஏட்டில் நாம் எழுதிக்கொள்வது. கடனை மன்னித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டு தருகிறது. அந்தக் கெடு முடியுமுன் ராமன் கொடுத்த பகுதிப் பணத்துக்கு அவர் கையெழுத்தோடு பதிவு வாங்கிக்கொண்டால், மீதி ரூ.3,000-க்கு அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு கிடைக்கும்.

கடைசியாக, இந்தப் பணத்தில் ஒரு திருட்டு வழியும் உண்டு. பேரேட்டில் பாக்கியே இல்லாததால், வசூலித்த குமாஸ்தா பணத்தைச் சட்டைப் பையில் போட்டாலும் எந்தக் கணக்கும் இடிக்காது. அதனால் தள்ளுபடியான கடன்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, பணம் வாங்காத வேறொருவர் பொறுப்பில் விட வேண்டும். வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எண்ணிட்ட ரசீது போட்டு, அந்த எண்ணைப் பதிவேட்டில் ராமன் பெயருக்கு எதிரே எழுத வேண்டும். அவ்வப்போது கடனாளிக்கே நேரடியாகக் கடிதம் போட்டு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டுப் பார்த்தால், குட்டு வெளிப்பட்டுவிடும்.